காய்ச்சலுக்குப் பிறகு, புது மருந்துக்குப் பிறகு பீரியட்ஸ் மாறினால்: தேதி மாறியதா, அளவு மாறியதா என்று கண்டுபிடிக்கும் வழிகாட்டி

கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகு நாள் தள்ளிப்போகிறது. அல்லது மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி இரண்டாவது மாதம், வழக்கத்தைவிட அதிகமாகப் போகிறது. ஸ்டீராய்டு முடித்த கையோடு இடையில் சொட்டுச் சொட்டாகப் படுகிறது. மூன்றையும் "ஹார்மோன் கோளாறு" என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். ஆனால் மூன்றும் வேறு வேறு விஷயங்கள். எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சுழற்சிக் குறிப்பு எழுதப் பழக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மாறியது தேதியா, அளவா? இதற்குப் பதில் கிடைத்தால் காரணம் பெரும்பாலும் பாதி தெளிந்துவிடும். அந்தப் பதிலைத் தேடிப் போகும் வழி இது.

படி 1: மூன்று தேதிகளையும் எல்லா மருந்துகளையும் எழுதுங்கள்

கடைசி பீரியட்ஸ் தொடங்கிய நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், காய்ச்சல் விட்ட நாள். இந்த மூன்றும் வேண்டும். கூடவே, முந்தைய நான்கைந்து சுழற்சிகள் எத்தனை நாள் என்பதும் தெரிந்தால் நல்லது. முதல் நாள் இரத்தப்போக்கிலிருந்து அடுத்த முறை இரத்தப்போக்கு தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை எண்ணுங்கள். 24 முதல் 38 நாள் வரை இயல்புதான். ஒரு மாதம் 28, அடுத்த மாதம் 33 என்று வந்தாலும் அதில் குறையில்லை.

மருந்துப் பட்டியலில்தான் பலரும் தவறுகிறார்கள். "காய்ச்சல் மாத்திரை, வேறொன்றும் இல்லை" என்பார்கள். துருவிக் கேட்டால் வாந்திக்கு நான்கு நாள் ஒரு மாத்திரை, இருமலுக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டு, அதற்கு முந்தைய மாதம் முழங்காலில் ஒரு ஊசி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்த மூன்றுமே சுழற்சியைத் தொடக்கூடியவை. அதனால் கடந்த மூன்று மாதங்களில் உடம்புக்குள் போன எல்லாவற்றையும் எழுதுங்கள். மூட்டில் போட்ட ஊசி, முதுகில் போட்ட ஊசி, நெஞ்செரிச்சல் மாத்திரை, மூலிகை மாத்திரை எல்லாம் சேர வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் மருந்தின் மூலப்பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள், அல்லது அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் மாத்திரைகள் சிலவற்றில் வாந்தி மருந்தும் கலந்திருக்கும். மேலே உள்ள கம்பெனிப் பெயரைப் பார்த்தால் அது தெரியாது.

படி 2: காய்ச்சல் முட்டை வெளிவருவதற்கு முன்பா, பின்பா?

முழு விஷயத்தின் சாவி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சுழற்சிக்கு இரண்டு பாதிகள். பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளிவரும் வரை முதல் பாதி. முட்டை வெளிவந்த பிறகு அடுத்த பீரியட்ஸ் வரை இரண்டாம் பாதி. இரண்டாம் பாதி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். பெரும்பாலும் 11 முதல் 16 நாளுக்குள் அடங்கும், ஒருவருக்கே மாதத்துக்கு மாதம் அதிகம் மாறாது. முதல் பாதிதான் ரப்பர் மாதிரி இழுபடும். 14 நாளில் முடியலாம், 30 நாளும் ஆகலாம்.

முட்டை முதிர மூளையிலிருந்து உத்தரவு வர வேண்டும். ஹைப்போதலாமஸ் விட்டு விட்டு அனுப்பும் சைகையில் பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்கிறது, அதன் ஹார்மோன்களில் முட்டை வளர்கிறது. கடும் காய்ச்சலில் உடம்பு நெருக்கடி நேர ஹார்மோனான கார்ட்டிசாலை அதிகமாகச் சுரக்கிறது, நோயெதிர்ப்பு அணுக்களும் அழற்சிப் பொருட்களை இரத்தத்தில் விடுகின்றன. சரியாகச் சாப்பிடவும் முடிவதில்லை. இவை எல்லாம் சேர்ந்து ஹைப்போதலாமஸின் சைகையை மந்தமாக்கிவிடுகின்றன. வளர்ந்துகொண்டிருந்த முட்டை நின்றுபோகும். உடம்பு தேறிய பிறகு புதிதாக இன்னொன்று வளரத் தொடங்கும். அது முதிர்ந்து வெளிவந்த பிறகுதான் இரண்டாம் பாதியின் கணக்கே ஆரம்பிக்கும்.

ஆக, முட்டை வெளிவருவதற்கு முன்பு காய்ச்சல் வந்திருந்தால் பீரியட்ஸ் தள்ளிப்போவது எதிர்பார்க்கக்கூடியதே. "பீரியட்ஸ் லேட்" என்று சொல்கிறோம், உண்மையில் லேட்டானது முட்டை. ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் இன்னும் அதிகமாகவும் தள்ளும். முட்டை வெளிவந்த பிறகு காய்ச்சல் வந்திருந்தால் பீரியட்ஸ் பெரும்பாலும் சொன்ன தேதியில்தான் வரும். இரண்டொரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பிறகு பத்து நாள் தள்ளிப்போனால் பழியைக் காய்ச்சல் மேல் போடாதீர்கள். வேறு காரணம் தேட வேண்டும், முதலில் கர்ப்பப் பரிசோதனை.

சில சமயம் அந்தச் சுழற்சியில் முட்டையே வெளிவராது. அப்போது கருப்பையின் உள்படலம் நிலையாக நிற்க ஆதரவு இல்லாமல் தானாக உதிரத் தொடங்கும். வருவது பீரியட்ஸ் மாதிரியே தெரியும், ஆனால் தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்காது. பத்து நாள் சொட்டுச் சொட்டாகப் படும், அல்லது திடீரென்று அதிகமாகப் போகும். ஒரு முறை இப்படி நடந்து அடுத்த சுழற்சி ஒழுங்காகிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை.

படி 3: கர்ப்பப் பரிசோதனையைச் சரியான நாளில் செய்யுங்கள்

கர்ப்பத்துக்கு வாய்ப்பே இல்லையென்றால் இதைத் தாண்டிப் போகலாம். இருக்கிறது என்றால் இந்தப் படியைத் தவறவிடாதீர்கள்.

நாள் தள்ளிப்போன மறுநாள் பரிசோதித்து நெகட்டிவ் வந்தால் "கர்ப்பம் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சாதாரண மாதத்தில் அது ஓரளவு சரி. காய்ச்சல் வந்த மாதத்தில் அப்படியில்லை. முட்டையே பத்து நாள் தாமதமாக வந்திருந்தால் காலண்டர்படி பீரியட்ஸ் வர வேண்டிய நாளில் கரு பதிந்தே இருக்காது. பரிசோதனை எதைக் காட்டும்? நம்பகமான கணக்கு இது: கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துச் செய்யுங்கள். அதற்கு முன்பே செய்து நெகட்டிவ் வந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள்.

நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கூர்மையான வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி இருந்தால் வீட்டில் பரிசோதித்துக்கொண்டு உட்காராதீர்கள். கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 4: முட்டை எப்போது வந்தது என்று கண்டுபிடியுங்கள்

இரண்டு அடையாளங்கள் போதும்.

முதலாவது, கசிவு. முட்டை முதிரும்போது வெள்ளைப்படுதல் மாறும். முதலில் பசை போல, பிறகு கிரீம் போல, கடைசியில் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழவழப்பாக, இரு விரலுக்கு நடுவே நீளும்படி வரும். முட்டை வந்த பிறகு சட்டென்று வறண்டுவிடும். காய்ச்சல் மாதத்தில் இது இரண்டு தடவை நடக்கலாம். காய்ச்சலுக்கு முன் வழவழப்பு தொடங்கி, காய்ச்சலில் வறண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரும். முதல் வறட்சியைப் பார்த்து "முட்டை வந்துவிட்டது" என்று நினைப்பதுதான் இந்த மாதத்தில் நடக்கும் பெரிய தவறு. முட்டையை வெளிவிடத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் பட்டைகளும் இதே வகையில் ஏமாற்றும். உடம்பு ஒருமுறை முயன்று நிறுத்திவிட்டாலும் பட்டையில் கோடு தெரியும். கோடு சொல்வது முயற்சியை மட்டும். முட்டை வெளிவந்ததா என்று அதற்குத் தெரியாது.

அதை உறுதி செய்வது இரண்டாவது அடையாளம், விழித்த உடனே எடுக்கும் உடல் வெப்பம். முட்டை வந்த பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன், உடல் வெப்பத்தை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தி அடுத்த பீரியட்ஸ் வரை அங்கேயே வைத்திருக்கும். காலையில் எழுந்து உட்காருவதற்கு முன், ஒரே நேரத்தில், இரண்டு தசம இடம் காட்டும் தெர்மாமீட்டரால் எடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் அளவு, அதற்கு முந்தைய ஆறு நாள் அளவுகள் எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்து, மூன்றாவது நாள் அந்த ஆறில் உயர்ந்ததைவிட 0.2 டிகிரியாவது கூடியிருந்தால் முட்டை வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

காய்ச்சல் நாட்களின் அளவுகளை என்ன செய்வது? எழுதுங்கள், ஆனால் வட்டம் போட்டுக் கணக்கிலிருந்து விலக்குங்கள். பாராசிட்டமால் போட்ட நாட்களுக்கும் இதுவே, மாத்திரை வெப்பத்தை இறக்கியிருக்கும். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் ஏற்றமாகவே இருக்கக்கூடும், அவற்றையும் விட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்த இரவுகளின் காலை அளவும் நம்பத்தக்கதில்லை. இவையெல்லாம் போக, சுத்தமான ஆறு தாழ்ந்த அளவுகள் கையில் இருந்தால்தான் மேலே சொன்ன விதியைப் போட்டுப் பார்க்க முடியும்.

ஒரு குறிப்பேட்டைப் பிரித்துப் பார்ப்போம்

சுழற்சி 28 முதல் 31 நாளுக்குள் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 16-ஆம் நாள் வாக்கில் முட்டை வரும், அதன்பின் 13 நாள் வெப்பம் உயர்ந்திருக்கும், அதற்கு மறுநாள் பீரியட்ஸ்.

மார்ச் 3 பீரியட்ஸ், இதுதான் 1-ஆம் நாள். 9-ஆம் நாள் வழவழப்பு தொடங்குகிறது. மார்ச் 12, அதாவது 10-ஆம் நாள், 39.4 டிகிரி காய்ச்சல். 14-ஆம் நாள் விடுகிறது. இதற்குள் கசிவு வறண்டுவிட்டது. வாந்திக்கு நான்கு நாள் டொம்பெரிடோன், பிறகு மூச்சிரைப்புக்கு 15 முதல் 19-ஆம் நாள் வரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. செல்போன் செயலி "16-ஆம் நாள் முட்டை வந்தது, ஏப்ரல் 1 பீரியட்ஸ்" என்று பழைய சராசரியை வைத்துச் சொல்கிறது.

ஏப்ரல் 1 வரவில்லை. ஏப்ரல் 2 பரிசோதனை நெகட்டிவ். பதற்றம் கூடுகிறது.

இப்போது வெப்பக் குறிப்பைப் பாருங்கள். மார்ச் 24 முதல் 29 வரை, அதாவது 22 முதல் 27-ஆம் நாள் வரை: 36.30, 36.25, 36.35, 36.30, 36.40, 36.35. இதில் உயர்ந்தது 36.40. கசிவுப் பகுதியில் 24 முதல் 27-ஆம் நாள் வரை "வெள்ளைக்கரு" என்று எழுதியிருக்கிறது. மார்ச் 30, 31, ஏப்ரல் 1: 36.55, 36.60, 36.65. மூன்றும் மேலே, மூன்றாவது 0.25 அதிகம். முட்டை 27-ஆம் நாள் வாக்கில் வந்திருக்கிறது. வழக்கத்தைவிட 11 நாள் தாமதம்.

இனி கணக்கு எளிது. 27-உடன் அவருடைய 13 நாளைக் கூட்டினால் 40. பீரியட்ஸ் 41-ஆம் நாள், ஏப்ரல் 12 அன்று வர வேண்டும். ஏப்ரல் 2 பரிசோதனை முட்டை வந்த நான்காம் நாள் செய்தது, அதற்கு அர்த்தமே இல்லை. ஏப்ரல் 12 அன்று வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. வராமல் வெப்பம் 18 நாளுக்கு மேல் உயர்ந்தே நின்றால், அதாவது ஏப்ரல் 16 தாண்டினால், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அன்று செய்யும் பரிசோதனைதான் பேசும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். செயலி "முட்டை முடிந்துவிட்டது, இனி பாதுகாப்பான நாட்கள்" என்று காட்டிய 24 முதல் 27 வரைதான் உண்மையில் கரு நிற்க மிகவும் வாய்ப்புள்ள நாட்கள். நாள் கணக்கை நம்பிக் கர்ப்பத்தைத் தவிர்ப்பவர்கள், காய்ச்சல் வந்த சுழற்சியில் வெப்பம் உயர்ந்தது உறுதியாகும் வரை எல்லா நாளையும் கரு நிற்கக்கூடிய நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆணுறை இருக்கட்டும்.

படி 5: ஸ்டீராய்டு எடுத்திருந்தால்

ஸ்டீராய்டு, உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசாலின் மாற்று வடிவம். அதனால் காய்ச்சல் செய்வதையே இதுவும் செய்கிறது, மூளையின் சைகையை அடக்குகிறது. ஐந்தாறு நாள் மாத்திரையில் ஒரு சுழற்சி தள்ளலாம், இடையில் கொஞ்சம் படலாம், ஒன்றுமே ஆகாமலும் போகலாம். இன்ஹேலரில் வழக்கமான அளவு எடுப்பவர்களுக்கும், தோலில் சிறிது தடவுபவர்களுக்கும் பொதுவாகச் சுழற்சி மாறாது.

யாரும் சந்தேகப்படாதது ஊசிதான். மூட்டிலும் தோளிலும் முதுகுத்தண்டிலும் போடும் ட்ரையாம்சினோலோன் போன்றவை மெதுவாகக் கரையும் மருந்துகள். போட்ட இடத்திலேயே நின்றுவிடாமல் வாரக்கணக்கில் இரத்தத்தில் கசிந்துகொண்டிருக்கும். ஊசி போட்ட சில நாட்களில் முகம் சிவந்து சூடாவதும், அடுத்த சில வாரங்களில் எதிர்பாராமல் இரத்தம் படுவதும், பீரியட்ஸ் தள்ளிப்போவதும் நடக்கும். தோள்வலிக்குப் போட்ட ஊசியையும் இரத்தப்போக்கையும் யார் இணைத்துப் பார்ப்பார்கள்? அதனால்தான் மூன்று மாதப் பட்டியல் கேட்டேன். ஆனால் பீரியட்ஸ் நின்று ஒரு வருடம் தாண்டியவர்களுக்கு இரத்தம் பட்டால், ஊசி போட்டிருந்தாலும் சரி, கருப்பைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். ஊசி ஒரு காரணமாக இருக்கலாம் என்பதற்காகப் புற்றுநோய்ச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், பீரியட்ஸ் கெடுகிறது என்று தாங்களே நிறுத்திவிடக் கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அவ்வளவு நாளில், கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

படி 6: மனச்சோர்வு மாத்திரை தொடங்கியிருந்தால்

அதே பெண் ஏப்ரல் 20 முதல் செர்ட்ராலின் தொடங்குகிறார் என்று வைப்போம். அடுத்த பீரியட்ஸ் மே 13, அதற்கடுத்தது ஜூன் 13. இரண்டு சுழற்சியும் 31 நாள், தேதி ஒழுங்காக இருக்கிறது. ஆனால் முன்பு ஒரு நாளைக்கு நான்கு நாப்கின் மாற்றியவர் இப்போது முதல் இரண்டு நாள் ஆறு மாற்றுகிறார். காலில் எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் நீலத் திட்டுகள்.

இது முட்டையின் பிரச்சினை அல்ல. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தங்களுக்கு வேண்டிய செரடோனினை இரத்தத்திலிருந்து உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸெடின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் அப்படி இழுப்பதைத்தான் தடுக்கின்றன. சேமிப்பு குறைந்த தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் பலம் குறைகிறது. எல்லோருக்கும் இது வெளியே தெரிவதில்லை. ஏற்கனவே அதிகமாகப் போகிறவர்களுக்குத்தான் கண்ணில் படும். இவர்கள் பீரியட்ஸ் வலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் போன்றவற்றைத் தாங்களாகச் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றிலும் குடலிலும் இரத்தக்கசிவு ஆபத்து கூடுகிறது. மருத்துவரைக் கேட்டபின் எடுக்கலாம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பார்த்துவிடுவது நல்லது. ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே, ஃபெரிட்டின் காட்டும் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம்.

அளவு சரியாக இருந்து தேதி மறைந்தால் கதை வேறு. இரண்டு மாதம் வரவே இல்லை, மார்பு கனக்கிறது, அழுத்தினால் பால் போல ஒரு துளி வருகிறது. இது புரோலாக்டின் ஏறியதன் அடையாளம். தாய்ப்பால் கொடுக்கும்போது பீரியட்ஸை நிறுத்தி வைக்கும் அதே ஹார்மோன்தான். செர்ட்ராலின் வகை மருந்துகள் இதைச் சிலருக்கு லேசாக ஏற்றும். பெரிய அளவில் ஏற்றுபவை ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மனநல மருந்துகளும், வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரும் டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு ஆகியவையும். மனநல மாத்திரை தொடங்கியதும் குமட்டுகிறது என்று பக்கத்துக் கடையில் வாந்தி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்கள் உண்டு. பழி மனநல மாத்திரைக்குப் போகும், குற்றவாளி வாந்தி மாத்திரையாக இருக்கும்.

புரோலாக்டின் சோதனைக்கு எழுந்தவுடன் ஓடாதீர்கள். தூக்கத்தில் அது இயல்பாகவே ஏறியிருக்கும். விழித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, உடற்பயிற்சி செய்யாமல், கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகு இரத்தம் கொடுங்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் மேல் எல்லை மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் வாக்கில் இருக்கும். மருந்தால் ஏறுவது பொதுவாக 100-க்குள் நிற்கும், ரிஸ்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு போன்றவற்றில் 200 தாண்டவும் செய்யும். மருந்துதான் காரணமா என்று பார்க்க, எழுதிக்கொடுத்த மருத்துவர் சம்மதித்தால் மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி சோதிப்பார்கள். நிறுத்த முடியாத மருந்து என்றால் பிட்யூட்டரிக்கு ஸ்கேன் எடுப்பார்கள். தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

மனச்சோர்வு மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, தூக்கமின்மை எல்லாம் வரலாம், பழைய சோர்வும் திரும்பலாம். கர்ப்பம் உறுதியானாலும் அப்படித்தான். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். இன்னொன்று, சோர்வே பசியையும் எடையையும் தூக்கத்தையும் கெடுத்துப் பீரியட்ஸைத் தள்ளியிருக்கலாம். மாத்திரைக்கு முந்தைய மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால்தான் இதைப் பிரித்துப் பார்க்க முடியும்.

படி 7: எவ்வளவு நாள் காத்திருப்பது

காய்ச்சலுக்கோ குறுகிய ஸ்டீராய்டுக்கோ பிறகு ஒரு சுழற்சி கெடுவது சகஜம், இரண்டாவதும் கொஞ்சம் ஆடலாம். மூன்றாவதும் ஒழுங்காகவில்லை என்றால் போய்ப் பாருங்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்கு மூன்று மாதம் வரவே இல்லை என்றாலும் போக வேண்டும். அப்போது தைராய்டுக்கான டி.எஸ்.எச்., புரோலாக்டின், கர்ப்பப் பரிசோதனை மூன்றும் அடிப்படை. வைரஸ் காய்ச்சலுக்குச் சில வாரம் கழித்துக் கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிப்பதும் படபடப்பும் இருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். தைராய்டு வீங்கியிருக்கலாம், அதுவும் சுழற்சியைக் கலைக்கும்.

காத்திருக்கவே கூடாதவை சில. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், அல்லது மயக்கம் வந்தால், உடனே மருத்துவமனை. காய்ச்சலோடு அல்லது காய்ச்சல் விட்ட ஓரிரு நாளில் பீரியட்ஸ் வழக்கத்துக்கு மாறாகப் பெருகி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், கடும் வயிற்றுவலி இருந்தால் டெங்கு போன்ற காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை வேண்டும், ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் தொடக் கூடாது. காய்ச்சலோடு அடிவயிற்று வலியும் நாற்றமடிக்கும் கசிவும் இருந்தால் தொற்றே இடுப்பறையில் இருக்கலாம். அங்கே காய்ச்சலும் இரத்தப்போக்கும் ஒரே நோயின் இரண்டு முகங்கள், ஆண்டிபயாடிக் தாமதமானால் கருக்குழாய் அடைபடலாம். டாம்பூனோ கப்போ உள்ளே இருக்கும்போது திடீர்க் கடும் காய்ச்சலும் உடம்பில் சிவப்புத் தடிப்பும் வந்தால் அதை எடுத்துவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மருத்துவர் முன்னால் உட்காரும்போது ஒரு தாள் போதும். மேலே கடைசி நான்கு சுழற்சிகளின் நீளம். அதன்கீழ் காய்ச்சல் தொடங்கிய, விட்ட தேதிகள், எத்தனையாவது நாள் என்ற எண்ணோடு. அடுத்து ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள். கடைசியில் ஒரு வரி: "தேதி மாறியிருக்கிறது" அல்லது "அளவு மாறியிருக்கிறது" அல்லது "இரண்டும்". அளவு என்றால் முன்பு ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், இப்போது எத்தனை, கட்டி விழுகிறதா, விழுந்தால் எவ்வளவு பெரியது என்று எழுதுங்கள். "அதிகமாகப் போகிறது" என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் எடை போட முடியாது. "நான்கு மாற்றினேன், இப்போது எட்டு, இரவில் ஒருமுறை எழுந்து மாற்றுகிறேன்" என்றால் அவருக்கு அடுத்த பரிசோதனை எது என்று தெரிந்துவிடும்.